இரண்டு கப் சீனியை அரைத்து ஐசிங் சுகருக்குப் பதிலாகப் போட்டேன், பட்டர்கிரீம் சேரவே இல்லை

தேன்மொழி_கே

எல்லோருக்கும் வணக்கம். நாளை மாலை ஒரு கேக் கொடுக்க வேண்டும், அதனால் கொஞ்சம் அவசரமாகக் கேட்கிறேன்.

நான் பார்த்த குறிப்பில் வெண்ணெய் 115 கிராம், ஐசிங் சுகர் 2 கப், பால் 1 மேசைக்கரண்டி என்று இருந்தது. வீட்டில் ஐசிங் சுகர் இல்லை. சாதாரண சீனி 2 கப் அளந்து, மிக்ஸியில் நான்கு தடவையாக அரைத்து, முழுவதையும் வெண்ணெயில் சேர்த்தேன். அடிக்க அடிக்க உதிர் உதிராக, ரொட்டித் தூள் மாதிரி நின்றது. குறிப்பில் சொன்ன ஒரு கரண்டி பால் போதவில்லை என்று மேலும் 4 மேசைக்கரண்டி விட்டேன். இப்போது சேர்ந்திருக்கிறது, ஆனால் வாயில் வைத்தால் தாங்க முடியாத இனிப்பு, நாக்கில் லேசாக நறநறப்பு. ஓரத்தில் பளபளவென்று ஈரம் கசிகிற மாதிரியும் தெரிகிறது.

அரைத்தது சரியில்லையா, அளவு சரியில்லையா? இதைக் காப்பாற்ற வழி இருக்கிறதா?

செல்வம்73

அளவுதான் காரணம். சீனியை அரைத்தால் உப்பும். 1 கப் சீனி ஏறக்குறைய 1¾ கப் பொடியாகும். நீங்கள் 2 கப் அரைத்ததில் மூன்றரை கப் பொடி கிடைத்திருக்கும், அதை முழுவதும் போட்டுவிட்டீர்கள்.

1.75 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லா இடத்துக்கும் உதவும். சீனியிலிருந்து பொடிக்குப் போனால் 1.75 ஆல் பெருக்க வேண்டும், பொடியிலிருந்து சீனிக்கு வந்தால் 1.75 ஆல் வகுக்க வேண்டும். கிராமில் கொடுத்திருந்தாலும் இதேதான். 200 கிராம் சீனி கேட்கிற குறிப்பில் பொடி போடுவதென்றால் 350 கிராம் எடுக்க வேண்டும்.

தேன்மொழி_கே

நன்றி சார். அரைத்தபோது பாத்திரம் நிறைந்துதான் போனது. தூசி மாதிரி எழும்பி நிற்கிறது, அடங்கிவிடும் என்று கரண்டியால் தட்டித் தட்டி அமுக்கினேன். அதிகமாகிவிட்டது என்று அப்போது தோன்றவே இல்லை. இரண்டு கப் கேட்டார்கள், இரண்டு கப் எடுத்தோம் என்றுதான் நினைத்தேன்.

அமுதா_பேக்கிங்

தேன்மொழி, கலவையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், மீட்டுவிடலாம். அதற்கு முன்னால் செல்வம் சார் சொன்னதில் ஒரு பாதியைத் திருத்த வேண்டியிருக்கிறது, இல்லையென்றால் அடுத்த கேக்கும் இப்படியே ஆகும்.

கப் கணக்கில் 1¾ என்பது சரி. கிராம் கணக்கில் அது பொருந்தவே பொருந்தாது. 200 கிராம் சீனியை மிக்ஸியில் போட்டு அரைத்தால் 200 கிராம் பொடிதான் வரும். எடை கூடுவதற்கு அங்கே எதுவும் சேரவில்லை. கூடுவது இடம் மட்டும்தான்: துகள்களுக்கு நடுவில் காற்று அதிகமாக நிற்கிறது. அதனால் 200 கிராம் சீனி கேட்கிற இடத்தில் பொடி போடுவதென்றாலும் 200 கிராம்தான். 350 போட்டால் தேன்மொழிக்கு நடந்ததே நடக்கும்.

இப்போது உங்கள் கலவைக்கு வருவோம். 240 மில்லி கப்பில் சாதாரண சீனி 1 கப் சுமார் 200 கிராம், ஐசிங் சுகர் 1 கப் சுமார் 120 கிராம். குறிப்பு எழுதியவர் 2 கப் என்று சொன்னபோது அவர் கையில் இருந்தது 240 கிராம். உங்கள் கிண்ணத்தில் விழுந்தது 400 கிராம். 160 கிராம் கூடுதல் இனிப்பு, அதே 115 கிராம் வெண்ணெயில். அதனால்தான் உதிர்ந்தது, வெண்ணெயால் அவ்வளவு பொடியைப் பிடித்துவைக்க முடியாது.

குறிப்பின் விகிதத்துக்கே திரும்புவதென்றால் 400 கிராம் சர்க்கரைக்கு 190 கிராம் வெண்ணெய் வேண்டும், இன்னும் 75 கிராம் சேர்த்தால் போதும். ஆனால் பால்தான் இடிக்கிறது. மொத்தம் 5 மேசைக்கரண்டி, அதாவது 75 மில்லி உள்ளே போயிருக்கிறது. அந்த விகிதத்துக்கு 25 மில்லியே போதும். 75 கிராம் வெண்ணெய் மட்டும் சேர்த்தால் தளர்ந்துதான் இருக்கும், கசிவும் நிற்காது.

நானாக இருந்தால் இப்படிச் செய்வேன். கலவையைச் சரிபாதியாகப் பிரியுங்கள். ஒரு பாதியில் ஏறக்குறைய 57 கிராம் வெண்ணெய், 200 கிராம் சர்க்கரை, 37 மில்லி பால் இருக்கும். அதில் இன்னும் 143 கிராம் வெண்ணெய் சேர்த்தால் வெண்ணெயும் சர்க்கரையும் சமம் ஆகிவிடும். சம விகிதக் கிரீம் 37 மில்லி பாலைச் சிரமமில்லாமல் ஏற்றுக்கொள்ளும், இனிப்பும் குறையும். அளவும் போதும், அந்தப் பாதியே 430 கிராமுக்கு மேல் வருகிறது. உங்கள் குறிப்பு முழுதாகச் செய்தாலே 370 கிராம்தான்.

முறை முக்கியம். புது வெண்ணெயைத் தனியாக, வெளுத்துப் பஞ்சு மாதிரி ஆகும்வரை அடித்துக்கொண்டு, பழைய கலவையைக் கரண்டி கரண்டியாக அதில் சேருங்கள். இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேராக வந்தால் திரிந்துபோன பால் மாதிரி பிரியும். பிரிந்தாலும் பயப்பட வேண்டாம், கிண்ணத்தை வெதுவெதுப்பான தண்ணீர் மேல் சில நொடி வைத்து மறுபடி அடித்தால் சேர்ந்துவிடும்.

மறுபாதியை மூடிக் குளிரில் வையுங்கள், பிறகு வேறொன்றுக்கு ஆகும்.

ரஞ்சனி_ர

நானும் இதே குழப்பத்தில்தான் இருந்தேன்! என் பிஸ்கட்டிலும் இதுதான் நடந்தது. சீனி 1 கப் என்று போட்டிருந்தது, நான் ஐசிங் சுகர் 1 கப் போட்டேன். பரவவே இல்லை, உருட்டி வைத்த மாதிரியே நின்றது, நிறமும் ஏறவில்லை, கடித்தால் மாவாக உதிர்ந்தது. அப்போ நான் 1¾ கப் போட்டிருந்தால் சரியாக வந்திருக்குமா?

அமுதா_பேக்கிங்

ரஞ்சனி, உங்களுடையது தேன்மொழிக்கு நேர் எதிர். அவர் கூடுதலாகப் போட்டார், நீங்கள் 200 கிராம் வேண்டிய இடத்தில் 120 கிராம் போட்டிருக்கிறீர்கள். நிறம் ஏறாததற்கு அந்தக் குறைவு ஒரு பெரிய காரணம்.

ஆனால் 1¾ கப் போட்டு எடையைச் சரிசெய்திருந்தாலும் அதே பிஸ்கட் வந்திருக்காது. வெண்ணெயோடு சீனியை அடிக்கும்போது அந்தப் படிகங்களின் முனைகள் வெண்ணெயைக் கீறிக் காற்றைப் புகுத்துகின்றன. அப்புறம் அடுப்பில் அவை மெதுவாக உருகும்போதுதான் பிஸ்கட் பரவுகிறது. பொடியில் இந்த வேலை நடப்பதில்லை. அதனால் பிஸ்கட் நெருக்கமாக, வாயில் கரைகிற மாதிரி வரும். சில பிஸ்கட்டுக்கு அதுதான் வேண்டும், அந்தக் குறிப்புகளில் ஐசிங் சுகர் என்றே எழுதியிருப்பார்கள். எடை சமமாக இருந்தால் இனிப்பு சமமாகும். தன்மையும் சமமாகிவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

செல்வம்73

அமுதா மேடம், ஒரு கேள்வி. கடையில் வாங்குகிற ஐசிங் சுகரில் சோள மாவு கலந்திருக்கிறது. அப்படியென்றால் 200 கிராம் பாக்கெட் பொடியில் 200 கிராம் சர்க்கரை இல்லை. கிராமிலும் கூட்டித்தான் போட வேண்டும் என்று நான் சொன்னது அதனால்தான்.

அமுதா_பேக்கிங்

கலந்திருப்பது உண்மைதான் சார். கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கிறார்கள். ஆனால் அது பொதுவாக நூற்றுக்கு 3 பங்கை ஒட்டித்தான் இருக்கும். 200 கிராமில் 6 கிராம். அதை ஈடுகட்ட வேண்டுமென்றால் 206 கிராம் எடுக்கலாம், 350 வரை போக வேண்டியதில்லை. கப்பில் அள்ளும்போது நம் கை செய்கிற பிழை இதைவிடப் பல மடங்கு பெரியது. உங்களிடம் தராசு இருந்தால் ஒரே கப்பை மூன்று விதமாக நிரப்பி நிறுத்துப் பாருங்களேன்.

செல்வம்73

நிறுத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே பாக்கெட், ஒரே கப், மேலே கத்தியால் வழித்துச் சமன் செய்தேன்.

சலித்துவிட்டு, கரண்டியால் மெதுவாகக் கப்பில் தூவி நிரப்பியது: 103 கிராம்.
சலிக்காமல் கரண்டியால் எடுத்துப் போட்டது: 121 கிராம்.
கப்பையே பாக்கெட்டுக்குள் விட்டு அள்ளியது: 138 கிராம்.

சாதாரண சீனியையும் இதே மாதிரி இரண்டு விதமாக நிரப்பினேன். 199, 204. கிட்டத்தட்ட அசையவே இல்லை.

கிராமில் 1.75 ஆல் பெருக்கச் சொன்னது தவறு, ஒப்புக்கொள்கிறேன். கப்பிலும் அந்த எண் நிலையாக இல்லை என்று இப்போது தெரிகிறது. அள்ளிய கப்பை வைத்துப் பார்த்தால் 1.45 தான் வருகிறது, சலித்ததை வைத்துப் பார்த்தால் 1.9 ஐத் தாண்டுகிறது. இத்தனை நாள் இந்த எண்ணைப் பலருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அமுதா_பேக்கிங்

அருமை சார், நான் பத்து வரி எழுதுவதைவிட இந்த மூன்று எடையும் நன்றாகச் சொல்கின்றன.

இதிலிருந்து இன்னொன்றும் புரியும். குறிப்பில் “சலித்த ஐசிங் சுகர் 2 கப்” என்று இருந்தால், சலித்துவிட்டு அளக்க வேண்டும். “ஐசிங் சுகர் 2 கப், சலித்தது” என்று இருந்தால், அளந்துவிட்டுச் சலிக்க வேண்டும். படிக்கும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். செல்வம் சாரின் எடையில் பார்த்தால் முதல் வகை 206 கிராம், இரண்டாவது 242 கிராம். ஒரே கிண்ணம் ஐசிங்கில் 36 கிராம் வித்தியாசம் என்றால், ஒன்று கோடு போட்டால் நிற்கும், இன்னொன்று வழியும். எழுதியவர் இதைக் கவனித்து எழுதினாரா என்பது எப்போதும் தெரிவதில்லை. சந்தேகமாக இருந்தால் குறைவான அளவில் தொடங்குங்கள். பொடியைப் பிறகு சேர்க்கலாம், சேர்த்ததை எடுக்க முடியாது.

குறிஞ்சி

என்னிடம் தராசே இல்லை, வாங்கும் எண்ணமும் இப்போதைக்கு இல்லை. நீங்கள் எல்லோரும் கிராமிலேயே பேசுகிறீர்கள். என்னைப் போன்றவர்கள் வீட்டில் அரைத்தால் எப்படி அளப்பது? அரைத்த பொடியைச் சலித்து அளப்பதா, அமுக்கி அளப்பதா?

அமுதா_பேக்கிங்

குறிஞ்சி, பொடியை அளக்கவே வேண்டாம். அரைப்பதற்கு முன்னால், சீனியாக இருக்கும்போதே அளந்துவிடுங்கள்.

செல்வம் சார் சொன்னதைப் பாருங்கள், சீனியை எப்படி நிரப்பினாலும் கப் 200 ஐ ஒட்டியே நிற்கிறது. கப்பை நம்பலாம் என்றால் அந்த நிலையில்தான் நம்பலாம். வீட்டில் அரைத்த பொடி அப்படியில்லை. மிக்ஸியைப் பொறுத்து, எத்தனை நொடி ஓட்டினோம் என்பதைப் பொறுத்து மாறும். கடைப் பொடி அளவுக்கு நைசாக வராததால் பெரும்பாலும் கப்புக்கு எடையும் கூடவே இருக்கும்.

1 கப் ஐசிங் சுகருக்கு வேண்டியது 120 கிராம். அரை கப் சீனி 100 கிராம். 1 மேசைக்கரண்டி சீனி 12½ கிராம், ஒன்றரைக் கரண்டி 19 கிராம். ஆக அரை கப்பும் ஒன்றரை மேசைக்கரண்டியும் சீனி எடுத்து அரைத்தால் அது 1 கப் ஐசிங் சுகர். தேன்மொழியின் குறிப்புக்கு 2 கப் என்பதால் 1 கப்பும் 3 மேசைக்கரண்டியும். கரண்டி எல்லாம் தலைதட்டியது, 15 மில்லி கரண்டி. அரைத்தபிறகு அது எவ்வளவு இடத்தை அடைத்தாலும் கவலைப்படாமல் முழுவதையும் போடலாம்.

உங்கள் கப் 250 மில்லி என்றால் சீனியும் அதே அளவுக்குக் கூடும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வெண்ணெயையும் அதே கப்பில் அளந்தால் விகிதம் மாறாது.

குமரன்_சமையல்

அக்கா, எடைதான் முக்கியம் என்றால் எதற்கு அரைக்க வேண்டும்? 120 கிராம் சீனியை அப்படியே போட்டுப் பால் விட்டுக் கலக்கினால் கரைந்துவிடாதா? கேக் மேல் ஊற்றுகிற மெல்லிய ஐசிங்குக்குக் கேட்கிறேன்.

அமுதா_பேக்கிங்

கரையாது தம்பி. அறைச் சூட்டில் 100 கிராம் தண்ணீர் ஏறக்குறைய 200 கிராம் சர்க்கரையைக் கரைக்கும். மெல்லிய ஐசிங்கில் 120 கிராம் சர்க்கரைக்கு விடுவது 15 அல்லது 20 மில்லி திரவம்தான். 15 மில்லி தண்ணீரில் 30 கிராம் கரையும், மீதி 90 கிராம் கரையாமலே இருக்கும். ஐசிங் சுகரிலும் இதுதான் நடக்கிறது, மீதி 90 கிராமும் நாக்குக்குத் தெரியாத அளவுக்குப் பொடியாக இருப்பதால் நமக்கு வழவழப்பாகத் தெரிகிறது. வெள்ளையாக மூடுவதும் அந்தக் கரையாத தூள்தான். சீனியைப் போட்டால் பாகில் மணல் கிடக்கிற மாதிரி இருக்கும், கண்ணாடி போலத் தெரியும், கேக்கை மூடாது. முழுவதும் கரையும்வரை தண்ணீர் விட்டால் அது ஐசிங் இல்லை, சர்க்கரைத் தண்ணீர்.

பட்டர்கிரீமில் இன்னும் கஷ்டம், சர்க்கரை கொழுப்பில் கரையாது. வெண்ணெயில் இருக்கிற கொஞ்சம் தண்ணீரும் நாம் விடுகிற பாலும்தான் கரைக்க முடியும்.

தேன்மொழியின் நறநறப்பும் இதனால்தான். அவர் மிக்ஸியில் முழுதாக அரைபடாத துகள்கள் தங்கியிருக்கின்றன. கலவையை ஒரு மணி நேரம் மூடி வைத்தால் பாலில் இன்னும் கொஞ்சம் கரையும், நறநறப்பு குறையும். முற்றிலும் போகும் என்று சொல்ல மாட்டேன்.

குறிஞ்சி

சோள மாவு பற்றி யாரும் முடிவாகச் சொல்லவில்லையே. நான் அரைக்கும்போது 1 கப் சீனிக்கு 1 மேசைக்கரண்டி சேர்ப்பேன், எல்லாக் குறிப்பிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் பட்டர்கிரீமில் எனக்குப் பச்சை மாவு வாடை அடிக்கிறது. சேர்க்காமலே விட்டுவிடலாமா?

அமுதா_பேக்கிங்

உடனே பயன்படுத்துவதாக இருந்தால் நான் சேர்ப்பதே இல்லை. டப்பாவில் போட்டு வைப்பதென்றால் சேர்ப்பேன், இல்லையென்றால் சில நாளில் பாறையாகிவிடும். 1 மேசைக்கரண்டி என்பது 8 கிராம், 200 கிராம் சீனியில் அது 4 பங்கு. கடைப் பொடியைவிட லேசாகக் கூட. அதைப் பாதியாக்கிப் பாருங்கள்.

செல்வம்73

இதில் நான் உடன்படவில்லை. மாவு கொஞ்சம் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. மாவில்லாத பொடியில் செய்த கிரீம், எடை சரியாக இருந்தாலும் எனக்குத் தளர்வாகத்தான் வந்திருக்கிறது. பூப் போட்டால் விளிம்பு மழுங்குகிறது.

அமுதா_பேக்கிங்

எனக்கு அப்படி வந்ததில்லை சார். நான் பாலைக் கடைசியில் அரைக் கரண்டி அரைக் கரண்டியாகத்தான் விடுவேன், அதனால் வித்தியாசம் என் கண்ணில் படாமல் போயிருக்கலாம். உங்கள் வெண்ணெய் எவ்வளவு மென்மையாக இருந்தது என்பதும் தெரியவில்லை. ஒரே நாளில் இரண்டையும் பக்கத்தில் வைத்துச் செய்து பார்த்தால்தான் சொல்ல முடியும்.

தேன்மொழி_கே

கேக் கொடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன். அமுதா அக்கா சொன்னபடி பாதியை எடுத்து 143 கிராம் வெண்ணெயில் சேர்த்தேன். மூன்றாவது கரண்டியில் திரிந்த மாதிரி ஆனது, என் பழைய கலவை குளிர்ந்திருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர் மேல் வைத்து அடித்ததும் சேர்ந்துவிட்டது. இனிப்பு அளவாக இருந்தது, கசிவு நின்றுவிட்டது. நறநறப்பு மட்டும் கூர்ந்து பார்த்தால் இன்னும் தெரிகிறது.

மனம் கேட்காமல் பூ வேலைக்கு மட்டும் புதிதாக ஒரு சிறு அளவு செய்தேன். அரை கப்பும் ஒன்றரைக் கரண்டியும் சீனி, பாதி பாதியாக அரைத்து மெல்லிய சல்லடையில் சலித்தேன். சல்லடையில் ஒரு கரண்டி அளவுக்குக் கொரகொரப்பு தங்கியது. அதைத் தள்ளிவிட்டால் எடை குறையாதா? வேறு சீனி சேர்த்து ஈடுகட்ட வேண்டுமா?

அமுதா_பேக்கிங்

தள்ள வேண்டாம். அதை மட்டும் திரும்ப மிக்ஸியில் போட்டால் பிளேடுக்கு எட்டாமல் சுற்றிக்கொண்டிருக்கும். அடுத்து அரைக்கிற பாதியோடு சேர்த்துவிடுங்கள், பெரும்பகுதி பொடிந்துவிடும். கடைசியில் அரைக் கரண்டி மிஞ்சினால் அது 6 கிராம், விட்டுவிடலாம். 120 இல் 6 போனால் பாலில் சில சொட்டு குறைத்தால் சரியாகிவிடும். மிக்ஸி சூடாகியிருந்தால் ஆறவிட்டு ஓட்டுங்கள், சூட்டில் பொடி மூடியில் அப்பிக்கொள்ளும்.

செல்வம்73

ஞாயிறு அன்று மாவு சேர்த்தும் சேர்க்காமலும் 120 கிராம் வீதம் இரண்டு கிண்ணம் செய்யப் போகிறேன். ஒரே வெண்ணெய், பால் இரண்டிலும் 10 மில்லி, ஒரே முனையில் பூப் போட்டு இரண்டு மணி நேரம் வெளியில் வைத்துப் பார்க்கிறேன். வந்து எழுதுகிறேன்.